ஆரஞ்சுச் சுருள்

பழிவாங்குவது கெட்ட குணம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கும். எங்கள் முதலுதவிப் பயிற்சி மையத்தில் அக்காவோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். அக்கா வகுப்பு எடுப்பாள், நான் பதிவேடு, நாற்காலி, சான்றிதழ் எல்லாம் பார்ப்பேன். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அக்கா ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்தாள். மாமா, அதாவது அவள் கணவர், அங்கேயே வெட்டும் இயந்திரத்தில் இருந்தார். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து அவருக்கு முன்கை எலும்பு உடைந்தது. பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தார். உடைந்த எலும்பு அசையாமல் தாங்கும் மட்டை எதுவும் வைக்காமல், இழுபடும் க்ரேப் பேண்டேஜை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறுக்கி இறுக்கிச் சுற்றினார். விரல் வீங்கி நீலமாகிறது என்று மாமா கத்தியபோது, "எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு விபத்துப் படிவம் நிரப்ப உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணி நேரமானது. ரத்த ஓட்டம் நின்று தசையும் நரம்பும் செத்துப்போயிருந்தன. விரல்கள் உள்நோக்கி மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

விசாரணையில் அதிகாரி எழுதிக் கொடுத்தது ஒரே வரி: முதலுதவிப் பெட்டியில் ஸ்பிளின்ட், அதாவது மட்டை, இல்லை, இருந்ததை வைத்துக் கட்டினேன். அக்கா எழுந்து, அந்தப் பெட்டியை வாராவாரம் துடைப்பவள் தான்தான் என்றும், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள் இருந்தது என்றும் சொன்னாள். அது என்ன என்று கேட்டார்கள். அவளுக்குப் பெயர் தெரியவில்லை. "துடைக்கிறவங்க எல்லாம் டாக்டராயிட்டா நாம எதுக்கு?" என்றார் அதிகாரி. அறை முழுக்கச் சிரித்தது. மாமாவுக்கு வேலை போனது. அக்காவும் வேலையை விட்டு வெளியே வந்தாள்.

அந்தச் சிரிப்பை அவள் செரிக்கவே இல்லை. பகலில் வீட்டு வேலை, மாலையில் முதலுதவி வகுப்பு என்று படித்து, எங்கள் மையத்திலேயே பயிற்சியாளரானாள். நல்லவள், பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத்தான் உள்விஷயம் தெரியும். வஞ்சத்தை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினாள்.

சான்றிதழ் புதுப்பிக்க வருபவர்களின் பட்டியலில் அந்த அதிகாரியின் பெயரைப் பார்த்ததும் நான் அக்காவிடம் காட்டினேன். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவர் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது. அக்கா பட்டியலை இரண்டு முறை படித்தாள். "வரட்டும்" என்றாள்.

தேர்வு நடந்த செவ்வாய்க்கிழமை மாமாவையும் கூட்டி வந்தாள். வாசலில் மாமா கெஞ்சியது என் காதில் விழுந்தது.

"விட்டுடேன். இப்ப போய் எதுக்கு?"

"என்னங்க விடறது? உங்க கையை அவரு விட்டாரா?"

நான் மாமாவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

தேர்வின் முதல் பகுதி ஒரு புகைப்படம். அக்கா தன் வீட்டு முதலுதவிப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பரப்பி எடுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். இது என்ன, எதற்கு என்று முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகு நாற்காலி வரிசைப்படி ஆளுக்கு ஓர் எண்ணாக வாயால் சொல்ல வேண்டும். கட்டுத்துணிகளையும் மட்டையையும் தவறாகச் சொன்னால் தேர்ச்சி இல்லை. அதிகாரிக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அவரை ஏழாவது நாற்காலியில் உட்காரவைத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆனால் பயமாக இருந்தது. மனிதர் சரியாகச் சொல்லிவிட்டால் அக்காவின் பன்னிரண்டு வருஷமும் வீண். சொல்லவிடாமல் தடுக்க முடியாது, தடுக்கவும் அவள் சம்மதிக்க மாட்டாள்.

மூன்றாவது ஆள், க்ரேப் பேண்டேஜ், சுளுக்குக்கு என்றார். சரி. நாலாவது, வலைபோல மெல்லிய வெள்ளைத் துணி, காயத்தின் மேல் வைத்த பஞ்சு நகராமல் சுற்றும் காஸ் சுருள். சரி. ஐந்தாவதைப் பொட்டலத்தில் மடித்த கைக்குட்டை என்றார் ஒரு டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். "பிரிச்சா முக்கோணம்ணா. கையைத் தொங்கவிட்டுத் தாங்கறதுக்கு" என்று அக்கா சாந்தமாகத் திருத்தினாள். ஆறாவது, பிளாஸ்டர் பட்டை.

"ஏழு சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

அதிகாரி படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பெரிய சைஸ் க்ரேப் பேண்டேஜ்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குதிக்கத் தோன்றியது. அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மூணையும் ஏழையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க சார். மூணுல துணி சுருக்கம் சுருக்கமா இருக்கு, ஓரத்துல நூல் தெரியுது, மாட்டுற கொக்கி பக்கத்துலயே கிடக்கு. ஏழுல நூலே இல்ல. ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம், ஓரத்துல ஸ்பாஞ்சு."

அவள் மேஜைக்கடியிலிருந்து அந்தச் சுருளையே எடுத்துப் பிரித்தாள். பட்டையாகத் துவண்டது. நீளவாக்கில் நடுவே குழிவாக மடித்ததும் விறைத்து நின்றது. "உள்ள அலுமினியத் தகடு. இது ஸ்பிளின்ட்."

"அட, இதுவா? எங்க பெட்டியில வருஷக்கணக்கா கிடந்துச்சே. பேண்டேஜ்னுல்ல நினைச்சோம்!" என்றார் அதிகாரி.

சொன்னதை அவர் உணரவே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் அவருடைய விடைக்கு எதிரே, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்தேன்.

"செய்முறைக்கு நீங்களே வாங்க சார். முன்கை எலும்பு முறிவு" என்றாள் அக்கா. நான் போய் மாமாவைக் கூட்டி வந்தேன்.

மாமா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்து கையை நீட்டினார். அதிகாரி குனிந்தார். மடங்கிய விரல்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். முகத்தைப் பார்த்தார். மறுபடி விரல்களைப் பார்த்தார். நிறம் போன முகத்தோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டுங்க சார். பேஷண்ட் வெயிட் பண்றாரு."

கட்டினார். மட்டையைக் குழித்து முழங்கையைத் தாண்டி வைத்தார், மேலே துணியைச் சுற்றினார், முக்கோணத் துணியில் கையை ஏந்தினார். ஒவ்வொன்றுக்கும் அக்கா திருத்தம் சொன்னாள். இறுக்காதீங்க. மணிக்கட்டை முழங்கையைவிடக் கொஞ்சம் உசத்துங்க. முடிச்சு கழுத்தெலும்பு மேல உறுத்தாம, பக்கக் குழியில.

"முடிஞ்சுது" என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

"முடியல சார். கடைசியா பேஷண்ட்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உதட்டை ஈரமாக்கிக்கொண்டு கேட்டார்: "விரல்ல... உணர்ச்சி இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா இல்ல சார்" என்றார் மாமா. சண்டைக்குரல் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். "அன்னைக்கு நீங்க கேக்கல."

அதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மன்னிப்பாக இருக்கலாம். அக்கா காத்திருக்கவில்லை. தாளில் தேர்ச்சியில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினாள்.

"மறுதேர்வு அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை. பேஷண்ட் இவரேதான்."