ராஜினாமாவில் இல்லாத வரி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்பேனர்’ என்றுதான் பெயர். மென்பொருள் பொறியாளர், ஆனால் யாருடைய சைக்கிள் மக்கர் செய்தாலும் மதிய இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள். தமிழ் அகராதிச் செயலி செய்யும் சின்ன நிறுவனம் அது. கடிதப் போக்குவரத்தும் தமிழில்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியானதும், சைக்கிள் பழுதுபார்க்கும் கடை போடுவது என்று முடிவெடுத்தாள். அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நாலு பக்கம் வந்தது. செயலியின் தேடல் பகுதியை ராப்பகலாக உழைத்துச் செய்தவள் அவள். மேலாளரோ கூட்டத்தில் வேறொருவரைப் பாராட்டிவிட்டார். அந்தக் கோபமே மூன்று பக்கம்.

வங்கியில் வேலை பார்க்கும் கணவன் படித்துப் பார்த்தான்.

“இது ராஜினாமாவா, குற்றப்பத்திரிகையா?”

“மனசுல இருக்கறத எழுதக் கூடாதா?”

“எழுதியாச்சுல்ல, மனசு ஆறியிருக்கும். இப்ப குடுக்கறதுக்கு ஒண்ணு எழுது.”

முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள்:

“மதிப்பிற்குரிய ஐயா, சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கவிருப்பதால், மென்பொருள் பொறியாளர் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். விதிகளின்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் என்னை விடுவிக்க வேண்டுகிறேன். அதற்குள் என் பொறுப்புகளை முறையாக ஒப்படைத்துவிடுவேன். இங்கே கற்றுக்கொண்ட அனைத்துக்கும் நன்றி.”

மறுநாள் மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல். சிறிது நேரத்திலேயே மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் திரையில் திறந்திருந்தது.

“சம்பளம் கூட்டித் தரச் சொல்றேன். இருக்கீங்களா?”

“சம்பளத்துக்காக இல்ல சார். கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

அவர் திரும்பவும் கடிதத்தையே பார்த்தார்.

“அந்தத் தேடல் பகுதியைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலையே.”

நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

“செஞ்சது நீங்கன்னு கூட்டம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. சொல்லணும் சொல்லணும்னே நாள் ஓடிப்போச்சு. தப்பு என்னுதுதான்.”

எழுதிக் கிழித்த மூன்று பக்கத்துக்கும் இப்படிப் பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “பரவால்ல சார்” என்றாள். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

அந்த வாரக் கூட்டத்தில், தேடல் பகுதி யாருடைய வேலை என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் திருத்தினார் மேலாளர். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதன் சூட்சுமங்களை எல்லாம் ஸ்பேனர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மாதம் முடிந்ததும் அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வந்தன.

கடை திறந்த முதல் வாரம் ஈ ஓட்டினாள். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாதி சைக்கிள்களின் சங்கிலிகள் துருவேறிப்போயின. இப்போது கணவனே தன் சைக்கிளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

“வீட்டு ஆளுக்கு முன்னுரிமை கிடையாதா?”

“டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க” என்கிறாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.