குவைத்துக்கு ஆகாத ஸ்டிக்கர்

"இது குவைத்துக்குச் செல்லாதும்மா." தி.நகரில் சர்டிபிகேட்டுக்கு அரசு முத்திரை வாங்கித்தரும் ஏஜென்சி கவுண்டரில் இருந்த பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சர்டிபிகேட்டைத் திருப்பி அந்த ஸ்டிக்கரையே பார்த்தேன்.

என் மகள் நர்சிங் பட்டதாரி. குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை. குறித்த நாளுக்குள் டிகிரி சர்டிபிகேட் முத்திரையோடு போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. எங்கள் குப்பத்தில் மீன் விற்றுப் படிக்கவைத்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயம்.

முதல் அதிர்ச்சி அதற்கும் முன்னாலேயே வந்தது. மயிலாப்பூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் நகலுக்குச் சிவப்பு முத்திரை வாங்கிவிட்டு, எல்லாம் முடிந்ததென்று கோயிலுக்குக்கூடப் போய்வந்தேன். ஏஜென்சியில் சிரித்தார்கள். நகல் ஒரிஜினலைப் போலவே இருக்கிறது என்றுதான் நோட்டரி சொல்வார். சர்டிபிகேட் நிஜம்தான் என்று கல்வித்துறை ஒரிஜினலில் சான்று போட வேண்டும், அப்புறம் டில்லி வெளியுறவு அமைச்சகம்.

மகளோடு படித்த சாந்தோம் பெண்ணுக்கு ஓமனில் வேலை. "அவளுக்கு செஞ்ச மாதிரியே எனக்கும்" என்று மகள் கேட்டாள். ரெண்டும் அரபு நாடு, ரெண்டும் பாலைவனம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஏஜென்சி மூலம் சர்டிபிகேட் பத்திரமாக வந்தது, பின்பக்கம் அமைச்சகத்தின் ஸ்டிக்கரோடு. அதற்குப் பேர் அப்போஸ்டில்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திருப்பிவிட்டார்கள்.

"இந்த ஸ்டிக்கரை ஏத்துக்கிற நாடுங்களோட ஒப்பந்தத்துல ஓமன் இருக்கு, ஸ்டிக்கரே போதும்" என்றாள் கவுண்டர் பெண். "குவைத் அதுல இல்ல. அமைச்சகத்துல அட்டெஸ்டேஷன் முத்திரை போட்டு, அதுக்கு மேல குவைத் தூதரகம் போடணும். எந்த நாடுன்னு சொல்லலியா?"

"வளைகுடான்னு சொன்னேன்" என்றாள் மகள்.

"வளைகுடான்னு ஒரு நாடு இருக்குதா இன்னா?" என்று வரிசையில் பின்னால் நின்ற ஆள் சிரித்தான்.

"மறுபடி முதல்லேர்ந்தா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கல்வித்துறை சான்று அப்படியே இருக்கும். அமைச்சகம், தூதரகம், ரெண்டு தான்."

"நாள் பத்துமா கண்ணு?"

மகள் அங்கேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டாள். கூடுதலாகச் சில நாள் தந்தார்கள். அந்த நாட்களில் நான் மீன் வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டேன்.

தூதரக முத்திரை வந்ததும் சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இடமே இல்லை. ஓரத்தில் அந்த ஓமன் ஸ்டிக்கர், வேலையில்லாமல்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் மகள் போன் பண்ணினாள். "ம்மா, இங்க ஆஸ்பத்திரி ஆபீஸர் என் பேரு, மார்க்கு இன்னான்னு பார்க்கவே இல்ல. நேரா பின்பக்கம் திருப்பினாரு. 'ஓகே'ன்னாரு."

நாலு வருஷப் படிப்பு முன்பக்கத்தில் இருந்தது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.