பச்சியம்மாள் கண்டுபிடித்த நாற்பது ரூபாய்

மகளிர் குழுக் கூட்டத்தில் பச்சியம்மாள் பாஸ்புக்கைத் திறந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் விரலால் தடவித்தான் படிப்பாள்.

"ஆடிட்டரம்மா வந்துட்டாங்க, காபி குடுங்கடி!" என்றாள் பக்கத்து வீட்டு ருக்கு.

பச்சியம்மாள் அசரவில்லை. ஆடு வாங்க அவள் எடுத்த கடன் பத்தாயிரம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அசலில் நாலாயிரம் கட்டியாகிவிட்டது. ஆனால் பாஸ்புக்கின் கடன் பக்கத்தில் இந்த மாத வட்டி நூறு என்றிருந்தது.

"மிச்சம் ஆறாயிரம்தானே? வட்டி அறுபதுதானே வரும்? கட்டின காசுக்கும் வட்டியா?"

கணக்கெழுதும் செல்வராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமாக்கா, பழைய பாக்கிக்கே போட்டுட்டேன்." நூறை அடித்து அறுபதாக்கிக் கையெழுத்திட்டாள்.

வெற்றிக் களிப்பில் பச்சியம்மாள் சேமிப்புப் பக்கத்தையும் தடவினாள். விரல் வைகாசியில் நின்றது. அந்த மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவள், சேமிப்பு நூறு ரூபாயைக் கட்டவே இல்லை. கட்டியதாக வரவு இருந்தது. புத்தகத்தை மூடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"இந்த நூறு நான் கட்டலடி," என்றாள் மெல்ல.

"அதான் அந்த மாசம் ரொக்கம் குறைஞ்சுதா! என் காசையில்ல போட்டுச் சரிக்கட்டினேன்!" என்று செல்வராணி நெஞ்சில் கைவைத்தாள்.

"நாப்பதைப் புடிக்கப் போயி நூறை விட்டுட்டாளே எங்க ஆடிட்டரு!" என்று ருக்கு சொல்ல, பச்சியம்மாளும் சிரித்தபடியே சுருக்குப்பையை அவிழ்த்தாள்.