ஒரு பக்கா அரிசியும் இரண்டு லிட்டர் கிரைண்டரும்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், ஞானசிங்கின் பாத்திரக்கடை மாடியில் பிரிஜாவுக்கு ஒரு நாற்காலி உண்டு. கடைச் சரக்கை இணையத்தில் விற்கத் தொடங்கிய வருடம், பில் போட்டுக்கொண்டிருந்தவளை அவர் அங்கே ஏற்றி உட்கார வைத்தார். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் விவரம் எழுதுவது வேலை. எழுநூற்றைம்பது வாட்ஸ் மோட்டார், சாறு எடுக்கப் பெரிய ஜார், பொடிக்க நடுத்தர ஜார், சட்னிக்குச் சின்ன ஜார். வறண்ட வேலைதான். ஆனால் ‘சட்னி ஜார்’ என்று தட்டச்சு செய்யும்போதே, எங்கோ அவள் பார்க்காத ஊரில், பார்க்காத பெண் ஒருத்தி தேங்காயைப் போட்டு மூடியை அமுக்குவது பிரிஜாவுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தால் அந்த அடுக்களையிலும் மழை பெய்யும்.

அப்படியொரு மழைநாளில்தான் மேசை மேல் வைக்கும் புதுக் கிரைண்டர் வந்தது. பெட்டியில் ‘இரண்டு லிட்டர்’ என்று மட்டும் இருந்தது. எத்தனை கிலோ அரைக்கலாம் என்று இணையத்தில் ஒரு கட்டம் கேட்டது. பிரிஜாவின் வீட்டில் அரிசிக்குக் கணக்கு பக்கா என்கிற அளவுப்படிதான். வீட்டிலிருந்து ஒரு பக்கா அரிசி கொண்டுவந்து டிரம்மில் கொட்டிப் பார்த்தாள். கல்லைச் சுற்றி அழகாக அடங்கியது. மேலே இடமும் இருந்தது. அதைத் தராசில் நிறுத்து, வந்த எடையை அப்படியே கட்டத்தில் போட்டாள்.

அதே கிரைண்டருக்கு மற்ற கடைக்காரர்கள் போட்டிருந்த எடை குறைவு. அதனால் இவளுடையது மளமளவென்று விற்றது. ஞானசிங் கீழேயிருந்து சுக்குக்காப்பி கொடுத்தனுப்பினார்.

பிறகு பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. ‘மாவு வழிகிறது’ என்று எல்லாரும் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். ஞானசிங் மாடியேறி வந்தார்.

“ஏட்டி பிரிஜா, இன்னும் ரெண்டு பெட்டி திரும்பி வந்தா நம்ம கடைய இணையத்திலேருந்து தூக்கிருவான். பின்ன நீ பழையபடி பில்லு போட இறங்கிர வேண்டியதுதான், கேட்டியா?”

கீழே இறங்கினால் அந்த அடுக்களைகள் எல்லாம் போய்விடும்.

மறுநாள், வீட்டில் ஊறவைத்த ஒரு பக்கா அரிசியைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். திரும்பி வந்த ஒரு கிரைண்டரைக் கடையின் பின்பக்கம் வைத்து ஓட்டினாள். விற்பனைக்கு நிற்கும் கிளாரா அக்கா தண்ணீர் ஊற்றினாள். கல் சுற்றச் சுற்ற அரிசி வெண்மையாக இளகி, மெல்ல உயர்ந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, வெளியே இறங்கிற்று. பிரிஜா அதைக் கனவில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏட்டி, நிறுத்துட்டி! என் சேலையெல்லாம் மாவு!” என்று கிளாரா கத்தினாள். “காஞ்ச அரிசிய வச்சா அளந்த? ஊறுனா பெருகாதா, தண்ணி இடம் பிடிக்காதா? உனக்கு வரப்போற மாப்பிள பாவம்.”

“மாவாக்கி அளக்கணும்னு தோணலையே அக்கா.”

“தோணாது. நீ எப்பவும் அடுத்தவ அடுக்களையிலல்லா இருக்க.”

பிரிஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மோட்டார் சுட்டது; அதை ஆறவிட்டு, மறுநாள் நிறுத்து ஊறவைத்த அரிசியில் அளவைக் குறைத்து மறுபடி அரைத்தார்கள். எண்ணூறு கிராம் அரிசிக்கு மாவு விளிம்புக்குக் கீழேயே நின்றது. மாடிக்குப் போய்ப் புதிதாக எழுதினாள்: ஊறவைக்கும் முன் எண்ணூறு கிராம் அரிசி, இருநூறு கிராம் உளுந்து, தனியாக. தொடர்ந்து முப்பது நிமிடம் ஓடும். பிறகு அரைமணி நேரம் ஆறவிடவும்.

“ஆறவிடணும்னு எழுதுனா எவன் வாங்குவான்?” என்றார் ஞானசிங்.

“ஓட்டிக் கருக்கிட்டு திருப்பி அனுப்புறதுக்கு இது எவ்வளவோ கொள்ளாம், முதலாளி.”

அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். விற்பனை படுத்தது. பெட்டி திரும்பி வருவதும் நின்றது. நாற்காலி இன்றைக்கா நாளைக்கா என்றிருந்த ஒரு மத்தியானம் ராஜ்கோட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. வீட்டில் எட்டுப் பேர், இட்லிக்கு இது போதுமா?

போதும் என்று சொன்னால் விற்றுவிடும். பிரிஜாவின் விரல் நின்றது. ‘ஒரு தடவையில் போதாது. ஒரு ஈடு அரைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு, இன்னொரு ஈடு அரைக்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் ராஜ்கோட்டிலிருந்தே ஆர்டர் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கேட்டவளின் அக்கா வீட்டுக்காம்.

“ஏட்டி, அந்த நாற்காலி கால் ஆடுதுல்லா, நாளைக்கு ஆசாரிய வரச்சொல்லியிருக்கேன்” என்று கீழேயிருந்து ஞானசிங்கின் குரல் கேட்டது.

பிரிஜா மழை வழியும் ஜன்னலைப் பார்த்தாள். ராஜ்கோட்டில் ஒருத்தி முதல் ஈட்டை வழித்தெடுத்துவிட்டு, மோட்டார் ஆறட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறாள். அந்த அரைமணி நேரம் அவளுக்கு வேறு வேலையே இல்லை. அங்கேயும் மழை.