வீட்டு மொழியில் போட்ட கையெழுத்து

வாசலில் யார் எதை விற்க வந்தாலும் "வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவதில் ஆனையூரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. ஒரு சனிக்கிழமை, தவணை கட்டினால் சுற்றுலா ஊர்களில் தங்க இடம் தரும் விடுமுறைக் கிளப்புக்கு உறுப்பினர் சேர்க்க வந்த பெண் அதைக் கெடுத்தாள்.

உள்ளே மகளை நான் திட்டியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு மொழி. அதை வாசலில் கேட்டுவிட்டால் காபி கொடுக்காமல் அனுப்ப எங்களுக்குத் தெரியாது. காபி ஆறுவதற்குள் மூணாறு, கோவா எல்லாம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டாள். முன்பணம் கொடுத்தேன். மாதத் தவணைக்கு என் போனிலேயே ஆட்டோபேயும் போட்டேன். முன்பணம் எது தெரியுமா? ஒத்தக்கடைப் பக்கம் படிக்கும் மகளின் அடுத்த செமஸ்டர் பீஸ்.

சாயங்காலம் கணவர் படிவத்தைப் புரட்டினார்.

"காளவாசல் தாண்டுனாலே தலைவலிம்ப. இம்புட்டு ஊருக்கு எப்பப் போகப் போற?"

அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பத்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அவசரத்தில் எனக்குப் பத்து நாள் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனிக்குத் தினமும் போன் போட்டேன். "சொல்லிட்டோம் மேடம், கூப்பிடுவாங்க" என்பார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"மேடம், இவ்வளவு நல்ல ஆஃபரை விடலாமா?" என்று தமிழில் உரக்கக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் குரலைத் தணித்து எங்கள் மொழிக்கு மாறினாள்.

"அக்கா, மேனேஜர் பக்கத்துல நிக்கிறாரு. வெளியூர்க்காரரு, நம்ம பேச்சு புரியாது. போன்ல சொன்னா செல்லாதுக்கா. இன்னைக்கே எழுதி மெயில் போடுங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. ரசீதப் பத்திரமா வைங்க. ஆட்டோபேயையும் நிறுத்திருங்க."

உடனே மறுபடி தமிழில், "அப்போ யோசிச்சுச் சொல்றீங்களா மேடம்? ரொம்ப சந்தோஷம்!" என்றாள். வியாபாரம் கூடி வருகிறது என்று அந்த மேனேஜர் நினைத்திருப்பார்.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். பீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முன்பே பணம் வந்துவிட்டது.

சில மாதம் கழித்து மறுபடி வாசலில் அதே பெண். இப்போது வேறு கம்பெனியாம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அவள் பையைத் திறந்ததும், எங்கள் மொழியிலேயே "வேண்டாம்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவை.

"தேறிட்டீங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே பையை மூடிவிட்டு, இன்னொரு காபி கேட்டாள்.