தள்ளப்படும் என்று எழுதிய ஜெஸ்னா

ஜெஸ்னா என்ற பெயர் முதலில் என் காதில் விழுந்தது கொல்லயில் ஊரில் ஒரு கல்யாண வீட்டில், அதுவும் ஏச்சாகத்தான். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் விஜயம்மா நாலு பேர் கேட்க, தன் அண்ணன் நேசையனை ஜெஸ்னா என்று ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஜெஸ்னா அப்போது அடுத்த குழாயில்தான் கை கழுவிக்கொண்டு நின்றாள். விஜயம்மாவுக்கு ஆளைத் தெரியாது.

ஜெஸ்னா யார் என்றால் பாறசாலை செல்லசாமியின் இளைய மகள். செல்லசாமிக்கு மூத்த தாரத்தில் பிள்ளை இல்லை, இவள் இரண்டாம் தாரத்துப் பெண். தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் ஆடு காணாமல் போனாலும், அடியந்திரம் என்று வீட்டு விசேஷத்துக்கு ஆள் கூப்பிட்டாலும், கோயில் ஆனாலும் சபை ஆனாலும் நோட்டீசுக்கு இவளிடம்தான் வருவார்கள். நாலே வார்த்தையில் முடிப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. பெயிண்டர் சிஜுவைக் கட்டி, நெய்யாற்றின்கரை துணிக்கடையில் எட்டு வருஷம் நின்று கால் வீங்கி, பிறகு தனுவச்சபுரத்தில் டெனில் வைத்திருக்கிற பிசியோதெரபி கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்தாள்.

டெனில் அதியன்னூர்க்காரன், அவளைவிட ஏழு வயது இளையவன். கிளினிக்கில் ஆளுக்கு அரை மணி நேரம். நாலு மணி ஆள் நாலே காலுக்கு வந்து முழு அரை மணியும் கேட்டால் நாலரை ஆள் காத்திருப்பார், ஐந்து மணி ஆள் அதைவிடக் காத்திருப்பார், கடைசி ஆளுக்கு வீட்டுக்குப் போக பஸ் இருக்காது. குஞ்சம்மா என்று ஒரு கிழவி, முட்டுவலிக்கு வருபவள், வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம்தான் வந்த நேரம் என்று சண்டை போடுவாள். ஆட்டோவில் ஏறும்போது ஜெஸ்னாவுக்குப் போன் செய்து, "நான் வந்தாச்சு, எழுதிக்கோ" என்பாள்.

ஒரு நாள் டெனில் பொறுமை இழந்தான். பத்து நிமிடம் பொறுக்கலாம், அதற்கு மேல் அந்த நேரத்தை வந்து இருக்கிற வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டும், பிந்தி வந்தவர் ஒழிவு வரும்வரை இருக்கட்டும், இதை இரண்டு பாஷையிலும் எழுதி ஒட்டுங்கள் சேச்சி என்றான். மலையாளத்தில் நேரம் மாற்றித் தரப்படும் என்று எழுதினாள். தமிழில், அவள் வழக்கப்படி, இன்னும் சுருக்கினாள்: "பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் உங்கள் நேரம் தள்ளப்படும்." பின்னால் தள்ளிவைப்போம் என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

நேசையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மரத்தடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கை மாவுக்கட்டில் இருந்தது. கட்டு அவிழ்த்தபோது விரல்கள் மடங்கவில்லை. வாரம் மூன்று நாள், மொத்தம் பன்னிரண்டு நாள் வரவேண்டும் என்று டெனில் சொல்லியிருந்தான். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, சூடு ஆறுமுன் விரலை மடக்கி மடக்கி விடுவான். இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் முதல் ஆளைக் காணோம். ஜெஸ்னா நோட்டில் வரவில்லை என்று எழுதி, அவர் நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாள். அவர் தந்திருந்த நம்பரில் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. மூன்று வாரம் ஆயிற்று.

கல்யாண வீட்டில் ஜெஸ்னா ஈரக் கையோடு விஜயம்மாவின் முன்னால் போய் நின்று, அந்த ஆள் நான்தான் என்றாள். விஜயம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விட்டாளில்லை.

"எட்டி, எனக்க அண்ணனுக்க கை இப்போ சோத்துக்கு ஒதவாது. ஸ்பூன் பிடிக்க ஒக்காது. நீ ஒரு வாக்குல தள்ளிப்போட்டியே."

தள்ளவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெஸ்னா நேசையன் வீட்டுக்கே போனாள். அவர் வெளியே நாற்காலியில் இருந்தார், கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அந்த மூன்றாம் நாள் பஸ் பிந்தியதாம். நாலு மணி ஆள் அவர், உள்ளே வரும்போது கடிகாரத்தில் நாலு பதினைந்து. ஜெஸ்னா திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு அப்படியே இறங்கிவிட்டார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே மாமா."

"என்னத்த கேக்க மக்கா? பென்ஷனுக்கு மனு குடுத்தேன். தள்ளப்பட்டதுன்னு கடுதாசி வந்துது. போய்க் கேட்டதுக்கு, தள்ளினா தள்ளினதாக்கும், திரும்ப வராண்டாம்னு செல்லிட்டினும். நீ எழுதினதும் அதே வாக்குதானே. பாக்கி நாளும் போச்சுன்னு நெனச்சேன்."

ஜெஸ்னா கிட்டே போய்க் குனிந்தாள். துண்டை விலக்கச் சொன்னாள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. நாளைக்கு வாருங்கள், பத்து நாளும் அப்படியே இருக்கிறது என்றாள். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமில் வரமாட்டார் என்பது இருந்தது.

திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் ஜெஸ்னா தாளைக் கிழித்தெடுத்தாள். புதிதாக எழுதியதை டெனிலிடம் காட்டினாள். அவன் முகம் சுளித்தான். போர்டு போதும் சேச்சி, கதை வேண்டாம் என்றான். திரும்பிப் போகவேண்டாம் என்று எழுதினால் எல்லாரும் பிந்தித்தான் வருவார்கள் என்றும் சொன்னான்.

"வந்தா இருக்கட்டும் சாறே. அவங்க நேரத்த நாம வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, காத்துக் கெடந்தா அடுத்த தடவ நேரத்துக்கு வருவாங்க. ஆனா ஒரு ஆளு மடங்காத கையோட திரும்பிப் போனா, அது ஆரு தலையில?"

டெனில் நேசையனின் நோட்டுப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். மூன்று வாரம் சும்மா இருந்த விரலை எடுக்க இனி எவ்வளவு பாடு என்று அவனுக்குத் தெரியும். ஒட்டுங்கள் என்றான். கூட ஒரு வரியும் சேர்க்கச் சொன்னான், பத்து நிமிடத்துக்குள் வந்தவருக்கும் மீதி நேரம்தான் என்று.

ஒட்டுவதற்கு முன் ஜெஸ்னா அந்தத் தாளை நேசையன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். படியுங்கள் மாமா என்று நீட்டினாள். அவர் விரல் வைத்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்:

"உங்கள் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை காத்திருப்போம். கவுண்டரில் பெயர் சொல்வதே வந்த நேரம். பத்து நிமிடத்துக்குள் வந்தால் மீதி உள்ள நேரம் உங்களுக்கு. பத்து நிமிடம் கழிந்தால் அந்த நேரத்தை, வந்து காத்திருப்பவருக்குக் கொடுப்போம். நீங்கள் திரும்பிப் போகவேண்டாம். அன்றைக்கே நேரம் ஒழிந்தால் பார்ப்போம், ஒழியாவிட்டால் வேறு நாள் தருவோம். உங்கள் பாக்கி நாட்கள் குறையாது."

படித்து முடித்து, குறையாது என்பதை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

"அப்போ பஸ்ஸு பிந்தினாலும் வரலாம்?"

"வரலாம். காத்திருக்கணும், அவ்வளவுதான்."

"காத்திருக்க எனக்கு என்ன, வேற சோலியா கெடக்கு," என்று சிரித்தார்.

புதன்கிழமை பஸ் மறுபடியும் சதி செய்தது. நாலு மணிக்கு வரவேண்டியவர் நாலு பன்னிரண்டுக்குப் பெயர் சொன்னார். அவருடைய நேரத்தில் குஞ்சம்மா, அன்றைக்கு அதிசயமாக முன்னமே வந்தவள், உள்ளே போயிருந்தாள். நேசையன் சுவரோரம் உட்கார்ந்து போர்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரை ஆள் வராமல் போக, பத்து நிமிடம் கழிந்ததும் ஜெஸ்னா அவர் பெயரைக் கூப்பிட்டாள்.

பன்னிரண்டு நாள் போதவில்லை, இருபது நாள் ஆயிற்று. விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. சுண்டுவிரல் மட்டும் தொடவில்லை. கத்தி பிடிக்கிறார், முன்போல இருநூறு மரம் இல்லை, எண்பது மரம் வெட்டுகிறார்.

ஜெஸ்னா இப்போதும் தனுவச்சபுரத்தில் அதே கிளினிக்கில் கவுண்டரில்தான் இருக்கிறாள்.