அறுபத்து நான்கில் ஒன்று

பார்சல் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பெல்ட்டில் பெட்டி வந்து நிற்பதற்குள் முகவரியைப் படித்து, எந்த ஊர்க் கூண்டு என்று முடிவெடுத்து, போட்டுவிடுவாள். எடுத்ததைத் திரும்ப வைப்பதில்லை, யோசிப்பதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் விளையாடத் தொடங்கிய வீடியோ கேம்களில் அறுபத்து நான்கு பாதியில் கிடந்தன என்று சொன்னால் கூடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவைக்க அவளும் மெனக்கெடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தள்ளுபடியில் அறுபத்தைந்தாவதை வாங்கப் போனாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவர், வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர், எட்டிப் பார்த்தார்.

"இதையாவது முடிப்பியா, இல்ல இதுவும் ஊறப்போடத்தானா?"

சுருக்கென்றது. அன்றே கணினியில் ஒரு அட்டவணை திறந்தாள். ஒவ்வொரு கேமையும் முடிக்க மற்றவர்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஆட்டக்காரர்கள் பதிவு செய்யும் இணையதளத்தில் பார்த்து, தான் ஆடி முடித்ததைக் கழித்து, மீதியை எழுதினாள். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் கடப்பதை அவள் மூன்றில்தான் கடப்பாள், மூலை முடுக்கெல்லாம் துழாவுவாள். அதையும் சேர்த்துக் கூட்டினால் ஆயிரத்து நூறு மணி நேரம். வாரத்துக்கு அவளுக்குக் கிடைப்பது ஒன்பது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால். அவள் வாங்காமல் இருப்பாளா? அறுபத்தைந்தாவது இருந்த பக்கத்தை மூடினாள்.

அடுத்து மூன்று பத்திகள்: முடி, விடு, தாண்டு. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: இதை இன்றைக்குக் கடையில் புதிதாகப் பார்த்தால் தொடுவேனா? தொண்ணூறு மணி நேரம் உழுது விதைத்த விவசாய கேம் அங்கேதான் மாட்டியது. இத்தனை நேரம் போட்டாயிற்றே என்று கை 'முடி'க்குப் போனது. ஆனால் அந்த கேமுக்கு முடிவே கிடையாது, எத்தனை வருடம் விதைத்தாலும் மறுநாள் கோழி கூவும். விடு. ஐந்து பாகத் தொடரில் முதல் இரண்டும் பழசு, ஆட அலுப்பு. கதைச்சுருக்கம் படித்துவிட்டு மூன்றுக்குப் போகலாம். தாண்டு. நாற்பத்தொன்று விடுபட்டன, பதினொன்று தாண்டப்பட்டன, பன்னிரண்டு மிஞ்சின. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

பன்னிரண்டையும் சின்னதிலிருந்து பெரியதுக்கு அடுக்கினாள். மூன்றே வாரத்தில் நான்கு முடிந்தன. ஒவ்வொரு முறையும் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் வஞ்சகமில்லாமல் கைதட்டினார்.

வரிசையின் கடைசியில் கிடந்தது கடல் கேம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் படகே நகரும். ஒருத்தர் பாய், ஒருத்தர் சுக்கான். தங்கச்சியோடு ஒரே அறையில் தூங்கிய காலத்தில் ஆரம்பித்தது. தங்கச்சி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு இணையத்தில் தொடர்ந்தார்கள். பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒன்பது முடிந்தபோது, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொன்னது இவள்தான். அந்த அடுத்த வாரம் வராமலே மூன்று வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி. இரண்டு பேர் நேரமும் ஒத்துவரவேண்டும், பெரிய தொல்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. கேமை உருவாக்கிய நிறுவனம் சர்வரை மூடுகிறதாம். இன்னும் பத்தொன்பது நாள், மதியம் பன்னிரண்டு மணியோடு சரி. அதற்குப் பிறகு வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடவே முடியாது.

மின்னலுக்கு முகம் வெளுத்துவிட்டது. பதினான்கு வருடமாக அவள் சோறு தின்பதே ஒரு விதியை வைத்துத்தான்: பெட்டி சின்னதா பெரியதா என்று பார்க்காதே, எந்த வண்டி முதலில் கிளம்புகிறது என்று பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் கைக்கு அடக்கமான பெட்டிகளை முதலில் அள்ளிப் போட்டு, வண்டியைத் தவறவிட்டு, திட்டு வாங்குவார்கள். அவளே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்! வீட்டுக்கு வந்ததும் அதே கழுதை வேலையைத் தானும் செய்திருக்கிறாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அந்த கேமா? எப்பவோ டிலீட் பண்ணிட்டேன்," என்றாள் தங்கச்சி.

"ஆட்டத்தை ஆரம்பிச்சவ நான்தானேடி. நாம ஆடினது என் கணக்குலதான் பதிவாகியிருக்கு. நீ திரும்ப இறக்கினா போதும்."

"இறக்கலாம். ஆனா அக்கா, மூணு வருஷமா நீ தினமும் ஆன்லைன்ல இருக்கே. உன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும். கூப்பிடுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். நீ தனியா வேற எதையோ ஆடிட்டிருப்பே."

இவள் திறந்திருந்த அட்டவணையை மூடினாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். "இப்ப கூப்பிடறேன். வருவியா?"

"இறக்க ரெண்டு நாளாகும். என் நெட் ஆமை வேகம்," என்றாள் தங்கச்சி.

புது அட்டவணை பிறந்தது. மற்ற ஏழும் ஓரங்கட்டப்பட்டன. இருவருக்கும் ஒத்துவந்தது புதனும் ஞாயிறும் காலை இரண்டிரண்டு மணி நேரம். ஐந்து நாள், பத்து மணி நேரம். மூன்று அத்தியாயத்துக்கு மற்றவர்களுக்கு ஏழரை மணி, இவள் வேகத்துக்குப் பதினொன்றுக்கு மேல். கணக்கு உதைத்தது. ஆகவே வழியில் கிடக்கும் சிப்பி, புதையல் எதையும் பொறுக்கக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டாள்.

முதல் நாள் எடுத்த எடுப்பில் பழைய பதிவைத் தொடவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதே இருவருக்கும் மறந்திருந்தது. புதிதாக வேறொரு பதிவைத் தொடங்கி, முதல் அத்தியாயத்தின் அமைதியான குளத்தில், போனில் பேசிக்கொண்டே அரை மணி நேரம் படகு ஓட்டிப் பழகினார்கள். பிறகுதான் பத்தாவது. இரண்டாம் நாள் அது முடிந்தது. மூன்றாம் நாள் தங்கச்சிக்கு அவசர டியூட்டி, ஆட்டமே இல்லை. நான்காம் நாள் பதினோராவது அத்தியாயத்தின் புயலில் ஒன்பது முறை மூழ்கினார்கள்.

"ஆட்டத்தை எளிதுன்னு மாத்துக்கா," என்றாள் தங்கச்சி.

"மானம் போயிடும்டி."

"யார் பார்க்கறா? உனக்கு மானம் வேணுமா, கரை வேணுமா?"

மாற்றினாள். அடுத்த முறையே புயலைத் தாண்டினார்கள். மானமும் எங்கும் போகவில்லை.

மீதி இருந்தது பன்னிரண்டாவது மட்டும், கையில் இருந்தது கடைசி நாள். புதன்கிழமை பதினொரு மணி ஷிஃப்டை மாலைக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். எட்டு மணிக்கே உட்கார்ந்தார்கள். கணவர் அன்றைக்கு முதல் ரிப்பேரைத் தள்ளிப்போட்டு, சோபாவின் ஓரத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றே முக்காலுக்குக் கலங்கரை விளக்கத்தின் கதவு வந்தது. அது திறக்க, இரண்டு பேரும் ஒரே நொடியில் ஆளுக்கொரு சக்கரத்தைத் திருப்பவேண்டும். முதல் முறை இவள் முந்திவிட்டாள்.

"மின்னல் வேலையெல்லாம் இங்க வேணாம். நான் எண்ணறேன். எனக்காக நில்லு," என்றாள் தங்கச்சி.

நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு திறந்து, விளக்கு எரிந்து, கடல் முழுக்க வெளிச்சம் பரவியது. கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின. போனில் தங்கச்சி போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கரகரத்தது. கணவர் இவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டார்.

பெயர்கள் ஓடி முடிந்தபின் இரண்டு உருவங்களும் கரையில் நின்றன. வெளியேற இருவருக்கும் மனமில்லை. சரியாகப் பன்னிரண்டுக்குத் திரை உறைந்து, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று எழுத்து வந்தது.

போனில் இணைப்பு அப்படியே இருந்தது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி."

"அடுத்த வாரம் என்ன ஆடலாம்?"

அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. "அடுத்த வாரமா? நாளைக்குக் காலையில உனக்கு டியூட்டி இருக்கா, அதைச் சொல்லு முதல்ல," என்றாள்.